டைம்பாஸும் ப்ரீபோனும்: வெளியார் தடுமாறும் இடங்கள்

(பொறியியல் கல்லூரி ஒன்றின் இறுதியாண்டு மாணவர்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்னும் சில மாதங்களில் உங்களில் பலர் வேலைக்குப் போய்விடுவீர்கள். உங்களோடு சேர்ந்து வேலை செய்கிறவர்கள் எல்லாரும் நம் ஊர்க்காரர்களாக இருக்கமாட்டார்கள். ஒருவர் புனேயில் இருப்பார், ஒருவர் லண்டனில் இருப்பார், இன்னொருவர் நியூஜெர்சியில் இருப்பார். நாம் தமிழ் பேசும்போது ஊடே புழங்குகிற டைம்பாஸ், ப்ரீபோன், டவுட், அரியர் போன்ற சொற்கள், அவர்களோடு பேசும் ஆங்கிலத்திலும் தாமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது அவர்கள் எந்த இடத்தில் குழம்புகிறார்கள், ஏன் குழம்புகிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

இவற்றைத் தங்கிலீஷ் என்று சொன்னதும், செல்போனில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பதை உங்களில் சிலர் நினைக்கலாம். நான் சொல்வது அதுவல்ல. ஆங்கிலத்திலிருந்து எடுத்து, நம் வாயில் புரண்டு, நம் தேவைக்கு ஏற்பப் பொருள் மாறிய சொற்களைச் சொல்கிறேன். இவற்றில் பல தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. டைம்பாஸ் என்று மும்பையிலும் சொல்கிறார்கள், மீரட்டிலும் சொல்கிறார்கள். ஆனால் நாம் அவற்றைத் தமிழின் அச்சில் வார்த்துக்கொண்டோம். ‘பண்ணு’ என்ற ஒரு வினையைப் பின்னால் சேர்த்துவிட்டால் எந்த ஆங்கிலச் சொல்லும் நமக்குத் தமிழ்ச்சொல்தான். ப்ரீபோன் பண்ணியாச்சு, டைம்பாஸ் பண்றான், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

முதலில் ப்ரீபோனை எடுத்துக்கொள்வோம். இந்தச் சொல்லுக்கு அநியாயமாகக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ‘போஸ்ட்போன் இருக்கிறதே, அதற்கு எதிர்ச்சொல் ப்ரீபோன்தானே என்று இந்தியர்கள் தப்பாகக் கட்டிக்கொண்ட சொல்’ என்று பல ஆங்கில ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். உண்மையில் 1913-லேயே நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு ஒரு வாசகர் எழுதிய கடிதத்தில் இந்தச் சொல் இதே பொருளில் வந்திருக்கிறது. போஸ்ட்போனுக்கு ஒரு ஜோடி வேண்டும், அதை நானே உருவாக்கித் தருகிறேன் என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. அமெரிக்காவில் அது ஒட்டவில்லை, இந்தியாவில் ஒட்டிக்கொண்டது. கட்டுமானத்திலும் பிழை கிடையாது. ‘போன்’ என்ற பகுதிக்கு லத்தீனில் ‘வை’ என்று பொருள். பின்னால் வைத்தால் போஸ்ட்போன், முன்னால் வைத்தால் ப்ரீபோன்.

சரி, ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இதற்கு என்ன சொல்கிறார்கள்? கூட்டத்தை ‘மூவ் ஃபார்வர்ட்’ செய்தோம் என்பார்கள், ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்பார்கள், ‘மூவ் அப்’ என்றும் சொல்வார்கள். இதில் முதலாவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் ‘ஃபார்வர்ட்’ நகர்த்திவிட்டோம் என்று சொன்னால், கூட்டம் திங்களா, வெள்ளியா? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களிடமே இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1998-இல் மேக்ளோன், ஹார்டிங் என்ற இருவர் இதை ஆராய்ந்தார்கள்; பின்னால் லேரா பொரோடிட்ஸ்கி என்ற அறிவியலாளர் விரிவாகச் செய்தார். சாதாரணமாகக் கேட்டால் ஏறக்குறைய பாதிப்பேர் திங்கள் என்கிறார்கள், பாதிப்பேர் வெள்ளி என்கிறார்கள். விமான நிலையத்தில் கேட்டபோது, விமானத்தில் வந்து இறங்கியவர்களில் வெள்ளி என்றவர்கள் அதிகம். ‘நான் காலத்துக்குள் முன்னேறிப் போகிறேன்’ என்று நினைப்பவருக்கு ‘ஃபார்வர்ட்’ என்றால் வெள்ளி. ‘காலம் என்னை நோக்கி வருகிறது’ என்று நினைப்பவருக்குத் திங்கள்.

தமிழனுக்கு இந்த மயக்கம் இயல்பாக வருவதில்லை. காலத்தைப் பற்றிப் பேசும்போது நமக்கு ‘முன்’ என்றால் முந்தியது, ‘பின்’ என்றால் பிந்தியது. முந்தாநாள் கழிந்துபோன நாள். பின்னாளில் என்றால் இனி வரப்போவது. இந்தத் தெளிவுக்கு ஈடான ஒரே சொல் ஆங்கிலத்தில் நமக்குக் கிடைக்கவில்லை. ப்ரீபோன் அந்தக் குறையைத் தீர்த்தது. ப்ரீபோன் செய்த கூட்டம் திங்கள்கிழமைதான், வெள்ளிக்குப் போகவே வழியில்லை.

வெளியார் இதைக் கேட்டால் என்ன ஆகும்? முதல்முறை கேட்பவர் ஒரு நொடி நிற்பார். அவருக்குப் போஸ்ட்போன் தெரியும், ‘ப்ரீ’ தெரியும். பெரும்பாலும் தாமே ஊகித்துவிடுவார். ஊகிக்க முடியாவிட்டால், அது என்ன என்று கேட்டுவிடுவார். சங்கடம் அதோடு முடிந்தது. இந்த இடத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முற்றிலும் புதிய சொல்லைக் கேட்டவர் கேள்வி கேட்பார். தமக்குத் தெரிந்த சொல் என்று நினைப்பவர் கேட்கமாட்டார். தமக்குத் தெரிந்த பொருளையே எடுத்துக்கொண்டு போய்விடுவார். குழப்பங்களில் கெட்டியானவை எல்லாம் இந்த இரண்டாவது வகைதான்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது டைம்பாஸ். ‘டைம்’ தெரியும், ‘பாஸ்’ தெரியும், எனவே பொருள் புரிந்தது என்று வெளியார் நினைத்துக்கொள்வார். பொழுது போக்குவது, அவ்வளவுதானே என்பார். அவ்வளவு அல்ல.

ரயில் பெட்டியில் ‘டைம்பாஸ், டைம்பாஸ்’ என்று கூவிக்கொண்டு வருகிறவர் கையில் இருப்பது வேர்க்கடலை. அங்கே அது ஒரு பண்டத்தின் பெயர். படம் எப்படி இருந்தது என்று கேட்டால் ‘டைம்பாஸ்’ என்கிறோம். காசு வீணில்லை, ஆனால் நினைவில் நிற்காது என்று பொருள். இங்கே அது ஒரு மதிப்பெண். ‘அவன் அந்தப் பெண்ணிடம் டைம்பாஸ் பண்றான்’ என்றால் அது ஒரு குற்றச்சாட்டு. மனதில் ஒன்றுமில்லாமல் ஒரு பெண்ணின் நம்பிக்கையோடு விளையாடுகிறான் என்கிறோம். வேலை கிடைக்காதவன் ‘சும்மா டைம்பாஸுக்கு ஒரு கோர்ஸ் படிக்கிறேன்’ என்றால் அதில் இருப்பது ஓர் ஏக்கம். கிரேக் ஜெஃப்ரி என்ற ஆய்வாளர் மீரட் நகரத்தில், படித்துவிட்டு வேலை கிடைக்காமல் காத்திருந்த இளைஞர்களோடு பழகி ஒரு நூல் எழுதினார். 2010-இல் வந்த அந்த நூலுக்கு அவர் வைத்த தலைப்பே ‘டைம்பாஸ்’. காத்திருப்பு ஒரு வாழ்க்கைமுறையாகவே மாறிப்போன நிலையைக் குறிக்க அந்த இளைஞர்கள் வாயிலிருந்தே அவருக்கு அந்தச் சொல் கிடைத்தது.

இத்தனை சாயலுக்கும் பொதுவாக அடியில் ஒன்று ஓடுகிறது: செய்கிற காரியத்துக்கு அதனளவில் மதிப்பில்லை, நேரம் நகர்ந்தால் போதும். ஆங்கிலத்தில் ‘பாஸ்டைம்’ என்று ஒரு சொல் உண்டு. அது இதற்கு ஏறக்குறைய எதிர். ஒருவர் விரும்பி, நேரம் ஒதுக்கிச் செய்கிற காரியம் அது. தோட்டம் போடுவது என் பாஸ்டைம் என்று சொல்பவர் பெருமையாகச் சொல்கிறார். இந்த இரண்டும் வெளியார் காதில் ஒன்றாகிவிடும்.

நேர்முகத் தேர்வில் ஒரு மாணவி உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ரெஸ்யூமேயில் மூன்று மொபைல் செயலிகள் எழுதியதாக இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்லுங்கள் என்கிறார்கள். அவள் கூச்சத்தோடு, ‘டைம்பாஸுக்குச் செய்தது சார்’ என்கிறாள். எதிரே ஒரு தமிழர் இருந்தால் அதிலிருக்கும் அடக்கம் அவருக்கு விளங்கும். பாடத்துக்கு வெளியே, யாரும் சொல்லாமல் தானாகச் செய்திருக்கிறாள் என்று எடுத்துக்கொள்வார். வெளிநாட்டவர் இருந்தால் வேறு மாதிரி கேட்கும்: இவளே இதைப் பொருட்படுத்தவில்லை, நாம் ஏன் பொருட்படுத்த வேண்டும்? நம் தன்னடக்கத்தைச் சொல்கிற சொல் அவருக்கு அலட்சியமாகப் போய்ச் சேர்கிறது. இந்த இழப்பை அவளால் கண்டுபிடிக்கவும் முடியாது. ஏனென்றால் யாரும் அவளிடம் விளக்கம் கேட்கமாட்டார்கள். அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

இனி இரண்டாவது வகைக்கு வருகிறேன். வகுப்பில் தினமும் கேட்பது: ‘சார், ஒரு டவுட்.’ தமிழில் சந்தேகம் என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு இருக்கின்றன. பாடத்தில் விளங்காததைக் கேட்பதும் சந்தேகம்தான். ஒருவர்மேல் நம்பிக்கை இல்லாமல் போவதும் சந்தேகம்தான். எது எது என்று இடம் பார்த்துப் பிரித்துக்கொள்கிறோம். ஸ்பானியர்கள் மொழியிலும் இப்படித்தான், அவர்களுடைய ‘துதா’ இரண்டுக்கும் வரும். அவர்களுக்கு நம் டவுட் உடனே விளங்கும். ஆங்கிலேயருக்கு ‘டவுட்’ என்றால் இரண்டாவதுதான். ‘உங்கள் டிசைனில் எனக்கு ஒரு டவுட் இருக்கிறது’ என்று நீங்கள் எழுதினால், ‘உங்கள் டிசைன் தேறுமா என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை’ என்று அவர் படிப்பார். நீங்கள் பணிவோடு கேட்டது விமர்சனமாகிவிடும். அவருடைய பதில் கொஞ்சம் விறைப்பாக வரும். தம் முடிவை நியாயப்படுத்தி நீளமாக எழுதியிருப்பார். கேட்ட சின்ன விஷயத்துக்குப் பதில் அதில் இருக்காது. எதிர்பாராமல் அப்படி ஒரு தற்காப்புப் பதில் வந்தால், உங்கள் மடலைத் திரும்ப எடுத்து அதில் டவுட் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் துறைக்கு நேராகத் தொடர்புள்ள சொல் ‘ரிவர்ட்’. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இந்திய அலுவலகங்களில் ‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்றால் பதில் எழுதவும் என்று அர்த்தம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அப்படியே. ஆனால் பொது ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள், பழைய நிலைக்குத் திரும்புவது. மென்பொருளில் அது வெறும் பொருள்கூட இல்லை, ஒரு கட்டளையாகவே இருக்கிறது.

ஒரு நிலைமையைக் கற்பனை செய்துகொள்வோம். சென்னையில் ஒரு பெண், பில்லில் வரியைக் கணக்கிடும்போது பைசா பிசகுவதைக் கண்டுபிடித்துச் சரிசெய்கிறாள். திருத்தத்தைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டு, மாலை ஏழு மணிக்கு நியூஜெர்சிக்காரருக்கு எழுதுகிறாள்: வரிக் கணக்கின் திருத்தத்தைச் சேர்த்துவிட்டேன், ‘ப்ளீஸ் செக் அண்ட் ரிவர்ட்’. கோடைக்காலமானால் அங்கே அப்போது காலை ஒன்பதரை. அவர் பார்க்கிறார். திருத்தம் சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் ரிவர்ட் செய்யச் சொல்லியிருக்கிறாளே, ஏதோ தவறாகச் சேர்த்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டு இதைத் தட்டுகிறார்:

```
git revert 4f2a9c1
```

அதைப் பொதுக் களஞ்சியத்துக்கும் அனுப்பிவிடுகிறார். திருத்தம் நீங்கிவிட்டது. அவள் சொன்னதைச் செய்துவிட்டோம் என்று அவர் அடுத்த வேலைக்குப் போகிறார். ‘டன்’ என்று ஒரு வார்த்தை பதிலும் போடுகிறார். மறுநாள் காலை இவள் அதைப் படித்துவிட்டு, பார்த்துவிட்டார், ஒப்புக்கொண்டார் என்று நினைக்கிறாள். இருவருக்கும் திருப்தி. இரண்டு நாள் கழித்துச் சோதனைக் குழுவிலிருந்து அதே பைசாப் பிசகு மறுபடி வருகிறது. தன் திருத்தத்தில்தான் ஓட்டை என்று இவள் கணக்கைத் தலைகீழாகப் புரட்டுகிறாள். கணக்கில் ஒன்றும் கிடைக்காது. வரலாற்றைப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்:

```
9b3e7d0 Revert "Fix tax rounding"
4f2a9c1 Fix tax rounding
```

சரி, தெரிந்துவிட்டது, அதே கிளையை மறுபடி இணைத்துவிடலாம் என்று போனால் அதுவும் நடக்காது. அந்தத் திருத்தம் வரலாற்றில் ஏற்கெனவே இருக்கிறது என்று கிட் அதைத் தாண்டிப் போய்விடும். ரிவர்ட்டையே ரிவர்ட் செய்தால்தான் திருத்தம் உயிர் பெறும். இந்த வேலை இரட்டிப்பு முழுவதும் எதனால் வந்தது? இரண்டு பேரும் திறமையானவர்கள், இரண்டு பேரும் கவனமானவர்கள், இரண்டு பேருக்கும் அந்தச் சொல் நன்றாகத் தெரியும் என்று இருவருமே நம்பினார்கள்.

கல்லூரிச் சொற்களிலும் இது உண்டு. ‘நான் 2019-இல் பாஸ் அவுட் ஆனேன், இரண்டு அரியர் இருந்தது’ என்பது உங்களுக்குத் தெளிவான வாக்கியம். அமெரிக்கருக்குப் ‘பாஸ் அவுட்’ என்றால் மயங்கி விழுவது. ‘அரியர்ஸ்’ என்றால் கட்டாத கடன் பாக்கி. பிரிட்டனில் ராணுவப் பயிற்சி முடித்தவர்கள் அணிவகுப்பதைப் ‘பாஸிங் அவுட்’ என்பதால் பிரிட்டிஷ்காரர் முதலாவதை ஓரளவு பிடித்துக்கொள்வார். பாக்கி நிற்கிற தாள் என்ற பொருளில் அரியர் நம் பக்கத்துப் புழக்கம். வடக்கே அதையே ‘பேக்லாக்’ என்கிறார்கள். இங்கே வெளியார் என்பவர் கடல் கடந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

உறவுச் சொற்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் நம் பக்கம் நியாயம் அதிகம். ‘கசின் பிரதர்’ என்றால் ஆங்கிலேயர் சிரிக்கிறார். கசின் என்றால் கசின், அதற்கு மேல் பிரதர் எதற்கு என்கிறார். சித்தப்பா மகனும் பெரியம்மா மகனும் நமக்குத் தம்பி, அண்ணன். அத்தை மகனும் மாமன் மகனும் முறை வேறு. கல்யாணம் பேசக்கூடிய உறவு. இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே கசினுக்குள் போட்டு மூடினால் எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் மனம் ஒப்பாது. அண்ணன் முறை என்று சொல்லவே அந்தப் பிரதர் வந்து ஒட்டிக்கொண்டது. அதேபோல மனைவியின் சகோதரியைக் கட்டியவர் நமக்குச் சகலை. ஆங்கிலத்தில் அவரும் ‘பிரதர் இன் லா’, மனைவியின் தம்பியும் ‘பிரதர் இன் லா’. நாம் ‘கோ-பிரதர்’ என்று ஒரு தனிச்சொல் செய்துகொண்டோம். ஓரகத்திக்குக் ‘கோ-சிஸ்டர்’. நல்ல சொற்கள் இவை. வெளியாருக்குப் புரியாது, ஆனால் புரியவில்லை என்று அவருக்கே தெரியும். ஒரு வரி விளக்கினால் தீர்ந்தது. விசா விண்ணப்பத்திலோ விடுப்புக் கடிதத்திலோ மட்டும் உறவை விரித்தே எழுதுங்கள்: என் மனைவியின் அக்காள் கணவர் என்று. படிவத்தைப் படிப்பவர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்கமாட்டார்.

தெருவில் நடப்பதும் இதே கதைதான். தங்க இடம் தேடி அலைகிற வெளிநாட்டுப் பயணி ‘ஹோட்டல்’ என்ற பலகையைப் பார்த்துப் பெட்டியோடு உள்ளே போனால், முன்னால் இலையைப் போட்டுச் சோறு வைப்பார்கள். பேருந்தில் மூன்று பேர் இருக்கையில் நான்காவதாக ஒருவர் வந்து ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க’ என்றால், எதைச் சரிசெய்யச் சொல்கிறார் என்று அந்தப் பயணி இருக்கையின் அடியில் குனிந்து பார்ப்பார். இவையெல்லாம் நேருக்கு நேர் நடப்பவை. முகத்தைப் பார்த்தால் குழப்பம் தெரிந்துவிடும், உடனே திருத்திக்கொள்ளலாம். எழுத்தில் போகிற சொல்லுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால்தான் டவுட்டையும் ரிவர்ட்டையும் இவ்வளவு நேரம் பேசினேன்.

இந்தச் சொற்களை உங்கள் பேச்சிலிருந்து துடைத்தெறியச் சொல்லி யாராவது வகுப்பெடுத்தால், தயவுசெய்து அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். ப்ரீபோனை விடாதீர்கள், முதல்முறை எழுதும்போது பக்கத்தில் புதிய தேதியையும் நேரத்தையும் போட்டுவிடுங்கள், போதும். உண்மையில் ‘மூவ் ஃபார்வர்ட்’ என்று எழுதுகிற ஆங்கிலேயரும் அப்படித் தேதி போட வேண்டியவர்தான். டைம்பாஸை நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள். நீங்கள் உழைத்துச் செய்த எதற்கும் வெளியார் முன்னால் அந்தப் பெயரை வைக்காதீர்கள். கேள்வி இருந்தால் ‘கொஸ்டின்’ என்றே எழுதுங்கள், ‘டவுட்’ வேண்டாம். கிட் புழங்குகிற குழுவில், பதில் வேண்டுமென்றால் ‘ரிப்ளை’ என்று எழுதுங்கள். ரிவர்ட் என்ற சொல்லை அந்தக் கட்டளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள்.